தண்டனையா, மறுசீரமைப்பு நீதியா? மறுகுற்றச் சான்றுகளை முன்வைத்து ஒரு கொள்கைப் பரிந்துரை

இங்கிலாந்து, வேல்ஸ் நீதிமன்றங்களுக்கான இந்தப் பரிந்துரையில் என் நிலைப்பாடு இதுதான்: குற்றவாளியும் பாதிக்கப்பட்டவரும் நேரில் சந்தித்துப் பேசும் மறுசீரமைப்பு நீதியைச் சிறைக்கு மாற்றாக அல்ல, தண்டனையோடு சேர்த்து, கடுமையான குற்றங்களில் பயன்படுத்த வேண்டும். 'சின்னத் தப்புக்குச் சமரசம், பெரிய தப்புக்குச் சிறை' என்ற பழகிய பிரிவினையைச் சான்றுகள் ஆதரிக்கவில்லை.

ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் 1995இல் தொடங்கிய ஆய்வில், யாரை நீதிமன்றத்துக்கு அனுப்புவது, யாரை இத்தகைய சந்திப்புக்கு அனுப்புவது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. சந்திப்புக்கு ஒதுக்கப்பட்ட இளம் வன்முறைக் குற்றவாளிகள், நீதிமன்றத்துக்குப் போனவர்களைவிட 100 பேருக்கு ஆண்டுக்கு 38 குற்றங்கள் குறைவாகச் செய்தார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களிடம் நேர்மாறு: 100 பேருக்கு 6 குற்றங்கள் அதிகம். அந்த வழக்குகளில் எதிரே உட்கார்ந்து பேச நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் யாரும் இல்லை. வேறுபாட்டுக்கு இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

சந்திப்பில் நடப்பதைப் பார்த்தால் இது புரியும். நாற்காலிகள் வட்டமாக இருக்கும். வீடு புகுந்து திருடியவர், தான் செய்ததை முதலில் தன் வாயால் சொல்ல வேண்டும். பிறகு வீட்டுக்காரர், 'ஏன் என் வீடு? மறுபடி வருவாயா?' என்று கேட்பார். பக்கத்தில் திருடியவரின் அம்மா உட்கார்ந்திருப்பார். வழக்கறிஞர் பின்னால் ஒளிந்துகொள்ள அங்கே வழியில்லை.

குற்றவியல் ஆய்வாளர் ஜோனா ஷாப்லேண்டின் குழு 2008இல் வெளியிட்ட இங்கிலாந்து மதிப்பீட்டில், சந்திப்பு முறைக்குள் வந்தவர்களிடம் மற்றவர்களைவிட இரண்டு ஆண்டுகளில் மறுதண்டனைகளின் எண்ணிக்கை 14% குறைந்தது. ஆனால் 'மறுபடி தண்டனை பெற்றாரா, இல்லையா' என்று மட்டும் பார்த்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 10 குலுக்கல் சோதனைகளையும் 1,880 குற்றவாளிகளையும் உள்ளடக்கிய கேம்ப்பெல் ஆய்வு அமைப்பின் 2013ஆம் ஆண்டு மீளாய்வும் மிதமான பலனையே காட்டியது. சரி, பலன் சிறிதுதான். ஆனாலும் திருட்டு ஏழிலிருந்து ஆறாகக் குறைந்தால், அந்த ஒரு வீட்டுக்காரருக்கு அது பெரிய விஷயம்.

சிறை பற்றிய சான்று இதைவிடப் பலவீனமானது. 2021இல் 116 ஆய்வுகளைத் தொகுத்த பகுப்பாய்வு, சிறை மறுகுற்றத்தைக் குறைக்கவில்லை, சற்றே கூட்டவும் செய்யலாம் என்று கண்டது. ஒரு முக்கிய விலக்கு நார்வே. சிறைவாசம் அங்கே ஐந்து ஆண்டுகளில் மறுகுற்ற வாய்ப்பை 29 சதவீதப் புள்ளிகள் குறைத்ததாக 2020 ஆய்வு சொல்கிறது. முன்பு வேலையில் இல்லாதவர்களிடம்தான் அந்தப் பலன் தெரிந்தது, அவர்கள் சிறைக்குப் பின் வேலைக்கும் போனார்கள். சிறைக்குள் என்ன நடக்கிறது என்பதே முக்கியம் என்று இதைப் படிக்கிறேன்.

தாமாக முன்வந்தவர்களை மட்டும் எண்ணும் ஆய்வுகளை நான் எடைபோடவில்லை. திருந்த நினைப்பவர்தான் அங்கே முதலில் கை தூக்குவார்.

ஆகவே வீடு புகுந்த திருட்டு, வழிப்பறி, தாக்குதல் வழக்குகளில், குற்றத்தை ஒப்புக்கொண்டபின், தண்டனை விதிக்கும் முன் சந்திப்பு நடத்த நிதி ஒதுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் மறுத்தால் கட்டாயம் கூடாது. முன்னேற்றத்தை மறுகுற்றங்களின் எண்ணிக்கையால் அளக்க வேண்டும். குடும்ப வன்முறையை, தனிச் சோதனை முடியும்வரை, இத்திட்டத்தில் சேர்க்கக் கூடாது.