புதிய வேலை விவரமும் தொடர்பு எண்களும் உறுதி செய்வது குறித்து

கும்பகோணம்
12.7.2025

அன்புள்ள தம்பி கார்த்திகேயனுக்கு,

நலம், நாடுவதும் அதுவே. உங்களுக்கு நல்ல இடத்தில் வேலை மாறியிருப்பதாகக் கேள்விப்பட்டு எனக்கும் என் மனைவிக்கும் மிகுந்த மகிழ்ச்சி. இன்னும் மேலே வர வேண்டும்.

வாடகை ஒப்பந்தத்தில் இருப்பது பழைய கம்பெனியின் பெயரும் கிண்டி முகவரியும், அவர்கள் கொடுத்திருந்த கைபேசி எண்ணும்தான். செவ்வாய்க்கிழமை உங்கள் சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் கழன்று, கீழ்வீட்டு அம்மாவின் பூஜை அறைக் கூரையில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. அந்த எண்ணுக்குக் கூப்பிட்டால் வேறு யாரோ எடுத்து, "அவர் வேலையை விட்டுவிட்டார் சார்" என்றார். உங்கள் மனைவியும் ஊருக்குப் போயிருந்த நேரம். காவலாளி மொட்டை மாடிக்கு ஏறி வால்வை மூடியதால் சேதம் அதோடு நின்றது. உங்கள் மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. மழைக்காலத்தில் மடிப்பாக்கத்தில் தண்ணீர் எப்படி நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும். அவசரத்தில் உங்களைப் பிடிக்க முடியாமல் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை.

புதிய அலுவலகம் பெருங்குடியில் என்று காதில் விழுந்தது. அது சரிதானா என்று சொல்லி, கம்பெனியின் முழுப் பெயர், முகவரி, நீங்கள் சேர்ந்த தேதி, அலுவலகத் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். உங்கள் சொந்தக் கைபேசி எண்ணும், நீங்கள் எடுக்க முடியாதபோது கூப்பிட உங்கள் மனைவி அல்லது அப்பாவின் எண்ணும் வேண்டும். இரவு ஷிஃப்ட் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். தூங்கும் நேரத்தில் கூப்பிட மாட்டேன். சம்பளச் சீட்டோ நியமனக் கடிதமோ எனக்குத் தேவையில்லை. இந்த விவரங்கள் ஒப்பந்தக் கோப்பிலும், காவல் நிலையத்தில் கொடுத்த வாடகைதாரர் படிவத்திலும் மட்டுமே இருக்கும். அலுவலகத்துக்குப் போன் செய்து உங்களைப் பற்றி விசாரிக்கவும் மாட்டேன்.

சம்பளக் கணக்கு வேறு வங்கிக்கு மாறுகிறதா? பழைய கணக்கிலிருந்து மாதம் 5ஆம் தேதி தானாக வரும் வாடகை, அதில் பணம் இல்லாவிட்டால் நின்றுவிடும். அதை முன்கூட்டியே மாற்றிவிடுங்கள்.

வரும் 20ஆம் தேதிக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும். செப்டம்பரில் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது புதிய விவரங்களையே எழுதிக்கொள்ளலாம்.

அன்புடன்,
சுப்பிரமணியன்

பி.கு.: வீட்டு வாடகைப்படிக்கு வரிச்சலுகை கேட்டால், ஆண்டு வாடகை 1 லட்சம் ரூபாயைத் தாண்டுவதால் புதிய கம்பெனியில் என் பான் எண்ணைக் கேட்பார்கள். நம் வாடகை மாதம் 16,000 ஆயிற்றே. எண்ணும் ரசீதுகளும் தயாராக வைத்திருக்கிறேன். எந்த மாதத்திலிருந்து வேண்டும் என்று சொல்லுங்கள்.