மங்குக்கு வாங்கிய மூலிகைக் களிம்பு: முதல் நாளே முகத்தில் தடிப்பு

17 மார்ச் 2026

கடை உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த சனிக்கிழமை, 14ஆம் தேதி, தேக்காவில் இருக்கும் உங்கள் கடையில் மங்கு மறைய என்று 50 கிராம் மூலிகைக் களிம்பு 38 வெள்ளிக்கு வாங்கினேன். ரசீது நகலும் படங்களும் இணைத்திருக்கிறேன்.

அன்றிரவு முகம் கழுவி, டப்பாவில் போட்டிருந்தபடியே கன்னங்களில் மெல்லிசாகத் தடவினேன். ஒரு மணி நேரத்துக்குள் மிளகாய் அரைத்த கை பட்டதுபோல எரிச்சல். உடனே கழுவிவிட்டேன். காலையில் கன்னம் சிவந்து தடித்துப் பொடிப்பொடியாகக் கொப்புளம். இடது இமை வீங்கிக் கண் திறக்க முடியவில்லை. முகத்தில் அன்று புதிதாகப் பட்டது உங்கள் களிம்பு மட்டும்தான். சோப்புகூடப் பல வருஷமாகப் போடும் அதே சோப்பு.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியதற்கு உங்கள் பதில்: “உள்ளே இருக்கிற கெட்டதுதான் வெளியே வருதும்மா. பயப்படாம ஒரு வாரம் தொடர்ந்து போடுங்க.”

இந்தப் பதில்தான் என்னைக் கடிதம் எழுத வைத்தது. ஒருவருக்கு ஒத்துக்கொள்வது இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். வீங்கிய முகத்தில் மறுபடி அதையே பூசச் சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

திங்களன்று பலதுறை மருந்தகத்தில் டாக்டர் முதலில் கேட்டது, அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று. டப்பாவைக் காட்டினேன். “18 அரிய மூலிகைகள், பக்கவிளைவு அற்றது” என்பதோடு சரி. உட்பொருள் பட்டியல், தயாரிப்புத் தொகுதி எண், காலாவதித் தேதி எதுவும் கிடையாது. தோல் அழற்சி என்று மாத்திரையும் பூச்சு மருந்தும் கொடுத்தார்; எந்தப் பொருளால் என்று சொல்ல அவருக்கு வழியில்லை. மூலிகை என்பதாலேயே தோலுக்கு ஆகும் என்றாகிவிடாது. கார்போகரிசி பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கொப்புளிக்கும். சருமத்தை வெளுப்பாக்கும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் இருந்ததாகச் சுகாதார அறிவியல் ஆணையமும் எச்சரித்திருக்கிறது. உங்களுடையதில் இருக்கிறது என்று சொல்லவில்லை. இல்லை என்று காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது?

எனக்கு முதலில் வேண்டியது பணமில்லை. களிம்பின் முழு உட்பொருள் பட்டியலையும் தயாரித்தவர் யார் என்பதையும் எழுத்தில் தாருங்கள். மறுபடி மருத்துவரிடம் போகும்போது காட்ட வேண்டும். அதன்பின் களிம்பின் விலை 38 வெள்ளி, மருத்துவச் செலவு 46 வெள்ளி. விவரம் தெரியும்வரை அந்த டப்பாக்களை அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கும் போடலாம் என்றல்லவா சொல்லி விற்கிறீர்கள்!

மார்ச் 27க்குள் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்திடம் போவேன். ஆணையத்திடம் எப்படியும் தெரிவிக்கப்போகிறேன், அதில் பேரத்துக்கு இடமில்லை. மீதிக் களிம்பைத் திருப்பித் தரமாட்டேன். சோதனைக்குக் கேட்டால் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
கலைவாணி
யீஷூன்