கடலும் நம் வீட்டுக் குழம்புச் சட்டியும்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, அன்புத் தோழர் தோழியரே, அனைவருக்கும் காலை வணக்கம்.

இன்று, ஜூன் 8, உலகப் பெருங்கடல் நாள். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் நமக்கு அது நாட்காட்டியோடு முடிகிற செய்தி அன்று. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், நம் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகில் போகிறவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது; டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சுவதில்தான் பங்கு பிரிக்கிறார்கள். அரசு தரும் தடைக்கால நிவாரணத்தோடு, வீட்டில் அம்மாக்கள் காட்டும் சிக்கனமும் சேர்ந்துதான் இந்த இரண்டு மாதங்கள் நகர்கின்றன.

என் அம்மா மீன் விற்பவர். கூடையில் இருக்கும் வஞ்சிரமும் வவ்வாலும் வாங்குபவர்களுக்குப் போய்விடும். எங்கள் சட்டிக்கு வருவது நெத்திலி, கவளை, காரப்பொடி. இவற்றைக் குறைந்த விலை மீன் என்பதற்காக மட்டமாக நினைக்காதீர்கள் என்று உங்களை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். நெத்திலியின் தலையைக் கிள்ளி, குடலை நீக்கி, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தால் முள்ளோடு மென்று தின்கிறோம். அந்த முள்ளில்தான் நம் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. கவளை போன்ற மீன்களின் கொழுப்பில் உள்ள ஒமேகா-3 இதயத்துக்கும் மூளைக்கும் நல்லது. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுறாப் புட்டு செய்து கொடுப்பதும், மீன் மலிந்த நாளில் உப்பிட்டுக் காயவைத்த கருவாட்டைத் தடைக்காலத்தில் கத்திரிக்காயோடு சேர்த்துக் குழம்பு வைப்பதும், கடலை நம்பி வாழ்ந்த நம் பாட்டிமார் நமக்குக் கொடுத்துப்போன அறிவு.

ஆனால் இந்த உணவு கரையோரத்தின் தூய்மையை நம்பி இருக்கிறது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் குஞ்சுகளும் மடவைக் குஞ்சுகளும் வளர்கின்றன. அங்கே சாம்பலும் கழிவும் சேரச் சேர, சிறு வலையோடும் வெறுங்கையோடும் இறால் பிடித்துப் பிழைப்பவர்களே முதலில் பாதிக்கப்படுகிறார்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு பரவியபோது, படகும் வலையும் கறுத்துப்போனதோடு, அந்தப் பக்கத்து மீனை வாங்கவே மக்கள் அஞ்சினார்கள். குற்றமே செய்யாதவர்களின் அடுப்பு அணைந்தது என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

ஆகவே நம் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்தின் சார்பில், வரும் சனிக்கிழமை காலை 7 மணிக்குக் கடற்கரையில் கிடக்கும் அறுந்த நைலான் வலைத் துண்டுகளையும் பிளாஸ்டிக் பைகளையும் பொறுக்கி அகற்ற இருக்கிறோம். கையுறைகளும் சாக்குகளும் மன்றமே தரும். விருப்பமுள்ளவர்கள் இன்று மதிய இடைவேளையில் அறிவியல் ஆசிரியரிடம் பெயர் கொடுங்கள். பேச வாய்ப்பளித்தமைக்கு நன்றி, வணக்கம்.