பாட்டி அனுப்பும் படங்கள்

பாட்டியிடமிருந்து வந்த முதல் படம் ஒரு மின்விசிறி. கூரையில் சுற்றிக்கொண்டிருந்த விசிறி, ஓரத்தில் பாட்டியின் கட்டைவிரல். கீழே ஓர் எழுத்துகூட இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்த நான், விழுந்து மல்லாந்து கிடக்கிறாரோ என்று பதறிப்போய் அழைத்தேன்.

"ஒண்ணுமில்ல கண்ணு. நீ சொல்லிக்கொடுத்தது ஞாபகம் இருக்கான்னு பார்த்தேன். வந்துச்சா?"

"வந்துச்சு பாட்டி. அழகா வந்துச்சு."

சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒரு சமூக மன்றத்தில் சனிக்கிழமை காலைகளில் மூத்தோருக்குத் திறன்பேசி சொல்லிக்கொடுக்கிறேன். செல்லம்மாள் பாட்டி அங்கே வந்தவர். எழுபத்தாறு வயது, தனியாக இருக்கிறார். பதினோரு வருடமாகப் பொத்தான் போன்தான் வைத்திருந்தார். 2024இல் 3ஜி சேவையை நிறுத்தியபோது அது வாயடைத்துப் போய்விட்டது. பினாங்கில் இருக்கும் மகள் புதுப் போன் வாங்கிக் கொடுத்துவிட்டு மறுநாளே ஊருக்குத் திரும்பிவிட்டார். பாட்டி அதை ஒரு கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

முதல் இரண்டு வாரம் விரலோடுதான் போராட்டம். வயதானவர்களின் விரல் நுனி காய்ந்திருக்கும், திரை அதை உணராது. திரை கேட்கவில்லையே என்று பாட்டி அழுத்தி அழுத்திப் பிடிப்பார். அழுத்திப் பிடித்தாலோ அது வேறு கட்டளையாகிவிடும், எதையாவது அழிக்கட்டுமா என்று கேட்கும். பாட்டி கையை இழுத்துக்கொள்வார். ஒரு சின்ன ஈரத்துணியைப் பக்கத்தில் வைத்து, விரலை அதில் ஒற்றிவிட்டு, சாமிக்குப் பொட்டு வைப்பதுபோல் மெதுவாகத் தொடச் சொன்னேன். அன்றைக்குத்தான் முதன்முறையாகச் சிரித்தார்.

எழுத்து மட்டும் வசப்படவில்லை. பாட்டிக்குத் தமிழ் எழுதத் தெரியும், தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்திருக்கிறார். தன் பெயரை எழுதிப் பார்க்க ஆசைப்பட்டார். பலகையில் 'செ' எழுதும்போது முதலில் கொம்பு, அப்புறம் 'ச'. போனிலோ 'ச'வைத் தொட்ட பிறகுதான் கொம்பைத் தொட வேண்டும். "கொம்பு இல்லாம எப்படிம்மா ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார். அறுபத்தைந்து வருடத்துக் கைப்பழக்கம். அதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சரி, குரலில் பேசி அனுப்புங்கள் என்றேன். நான்கு விநாடி நீளத்தில் ஒன்று வந்தது, உள்ளே விசிறிச் சத்தம் மட்டும். எதிரில் ஆள் இல்லாமல் பேச அவருக்குக் கூச்சம்.

படம் மட்டும் மூன்று தொடுதலில் போய்விடும். கேமரா, வட்டம், அம்பு. அவ்வளவுதான், பாட்டி பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு தினமும் வந்தது. அரிசிப் பானை. சன்னலுக்கு வெளியே மழை. கறிவேப்பிலைச் செடியில் புதுத் துளிர். ஒருமுறை மாத்திரை அட்டை, அதில் இரண்டே மாத்திரை மிச்சம். அன்று மாலையே அழைத்துப் பலதுறை மருந்தகத்துக்கு நாள் குறித்துக் கொடுத்தேன். இன்னொரு முறை, பக்கவாட்டுப் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து அழுத்தித் திரையையே படம் பிடித்து அனுப்பிவிட்டார். பொட்டலம் வந்திருக்கிறது, பணம் கட்டுங்கள் என்று ஒரு குறுஞ்செய்தி, கீழே ஒரு சுட்டி. நல்லவேளை, கைதவறி எடுத்தது என் கண்ணில் பட்டது. அரசாங்கத்தின் செய்தி என்றால் மேலே gov.sg என்று இருக்கும், மற்றதைத் தொடாதீர்கள், சந்தேகம் வந்தால் 1799க்கு அழைக்கலாம் என்று சொல்லி, அந்த எண்ணைப் போனின் முதுகில் ஒட்டிக் கொடுத்தேன்.

என்ன பாட்டி இது என்று ஒவ்வொரு படத்துக்கும் கேட்பதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். கேட்பதைவிடப் பார்ப்பது நல்லது என்று தோன்றியது. படம் சாய்ந்து, அரைகுறையாக வந்தால் சும்மா அனுப்பியது. நேராக, நடுவில், கை நடுங்காமல் எடுத்திருந்தால் அவருக்கு ஏதோ சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு ஏழு மணிக்கு ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு வந்தது. இரும்புக் கதவுக்கு முன்னால் கிடந்தது. நேராக எடுத்த படம். புதுச் செருப்பு வாங்கியிருக்கிறார் போல என்று நினைத்து, "நல்லாருக்கு பாட்டி" என்று பேசி அனுப்பினேன்.

மறுநாள் காலை ஏழு பத்துக்கு மறுபடியும் அதே செருப்பு.

எம்ஆர்டியில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன், விரல்களால் விரித்துப் பெரிதாக்கினேன். வலது செருப்பு இடது செருப்பின்மேல் ஏறிக் கிடந்தது, இரண்டு படத்திலும் அப்படியே. புதுச் செருப்பும் இல்லை, குதிகால் தேய்ந்திருந்தது. பாட்டி வீட்டுக் கதவில் மாவிலைத் தோரணம் இருக்கும். இந்தக் கதவில் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. கம்பியிடுக்கில் ஒரு விளம்பரத் தாள், நேற்றுச் செருகியது இன்னும் எடுக்கப்படவில்லை.

பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தா. பாட்டி அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். இருவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் மலாய்தான், பார்த்தால் "சுடா மாக்கான்?", சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொள்வார்கள். அவரும் தனி ஆள். தினமும் விடியற்காலை கீழே காப்பிக்கடைக்குப் போவார்.

அடுத்த நிலையத்தில் இறங்கி அழைத்தேன்.

"தட்டுனேன் கண்ணு. நேத்தும் தட்டுனேன், இன்னிக்கும் தட்டுனேன். உள்ள டிவி பேசிக்கிட்டே இருக்கு. அவருக்குக் காது மந்தம், தூங்குறாரோ என்னவோன்னு..."

"ஏன் பாட்டி நேத்தே எங்கிட்ட சொல்லல?"

பாட்டி ஒரு கணம் பேசவில்லை.

"அதான் அனுப்புனேனே."

995க்கு அழைத்து புளோக், மாடி, வீட்டு எண் எல்லாம் சொன்னேன். அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது, கதவைத் திறந்து அவரைத் தூக்குப்படுக்கையில் வெளியே கொண்டுவந்திருந்தார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்து, உதடு வெடித்து, ஆனால் கண் திறந்திருந்தது. மின்தூக்கிக்கு முன்னால் பாட்டி குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எந்த மொழி என்று பார்க்காமல், தமிழிலேயே பேசினார். "பயப்படாதீங்க. வந்துட்டாங்கல்ல."

அப்புறம் பாட்டி வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. இனிமேல் எழுதிப் பழகுங்கள் என்று சொல்ல நான் வாயெடுக்கவில்லை. செவ்வாய் இரவு நான் உற்றுப் பார்த்திருந்தால் அந்த மனிதர் ஒரு ராத்திரியைத் தரையில் கழித்திருக்க மாட்டார். அது என் நெஞ்சில் இன்னும் இருக்கிறது. ஒன்று மட்டும் பேசி வைத்துக்கொண்டோம். அவசரம் என்றால் ஒரே படத்தை இரண்டு முறை அனுப்ப வேண்டும். நான் எங்கே இருந்தாலும் உடனே அழைப்பேன்.

ஏழு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குப் போன் அதிர்ந்தது. ஒரே ஒரு படம், கீழே எழுத்து எதுவும் இல்லை. பாட்டியின் கட்டைவிரல் வழக்கம்போல் ஓரத்தில். நடைபாதைத் தரை, ஒரு நடைச்சட்டத்தின் நான்கு கால்கள், நடுவில் அந்த நீலச் செருப்பு. இரண்டிலும் பாதங்கள் இருந்தன.