ஏ9 வீதி விளம்பரப் பலகை: "இங்கேயே பேசலாம்"

இடம்: முறிகண்டிப் பிள்ளையார் கோயிலுக்குத் தெற்கே சுமார் அரைக் கிலோமீற்றர், வவுனியாவிலிருந்து வருவோருக்கு இடப்பக்கம்
அளவு: அகலம் 40 அடி, உயரம் 20 அடி; உருவம் மட்டும் பலகைக்கு மேலே 6 அடி நீளும்

பலகையில் இருப்பது ஒரு மனிதன். சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் துவாயைச் சுற்றி, கால்களை அகட்டி ஊன்றி நிற்கும் ஒரு கமக்காரன். ஒரு கை இடுப்பில், மற்றக் கை காதோடு சேர்த்துப் பிடித்த கைத்தொலைபேசியில். தலையும் மடிந்த முழங்கையும் பலகையின் மேல்விளிம்பைத் தாண்டி வானத்துக்குள் போகின்றன. முகம் இல்லை, நிழலுருவம்தான். எழுத்து தெரியாத தூரத்திலேயே அந்த முழங்கை முக்கோணம் "யாரோ பேசிக்கொண்டிருக்கிறான்" என்று சொல்லிவிடும்.

அருகே இரண்டு வரிகள்:

இங்கேயே
பேசலாம்

வேறு வாசகம் கிடையாது. கீழே வலது மூலையில் உங்கள் தொலைபேசி நிறுவனத்தின் சின்னம். பக்கேஜ் விலை, இணைய முகவரி, வாடிக்கையாளர் சேவை இலக்கம் எதுவும் வேண்டாம். அவற்றைத் துண்டுப் பிரசுரத்தில் போடுங்கள்.

இந்த வாசகம் ஏன் என்று வன்னி மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கவரேஜ் தேடிக் குளக்கட்டில் ஏறுவதும், முற்றத்தில் ஒரு குறிப்பிட்ட மூலைக்குப் போய் நிற்பதும், "பொறுங்கோ, வெளியே வாறன்" என்று சொல்லும்போதே அழைப்பு அறுந்துபோவதும் உள்ளூர்களில் பழகிப்போன சங்கதி. அதனால்தான் இவன் நடக்கவில்லை, கையை உயர்த்தித் தேடவில்லை. நின்ற இடத்தில் நிற்கிறான். ஓவியர் அந்தக் கால்களில்தான் அதிகம் மெனக்கெட வேண்டும்.

பனைமரங்களை வரிசையாக உயர்த்திச் சிக்னல் கோடுகளாகக் காட்டும் யோசனை எங்கள் மேசைக்கும் வந்தது. யாருக்கும் முதலில் வருவது அதுதான். ஆனால் எறிகணையில் வட்டிழந்து நின்ற பனைகளைப் பார்த்த ஊர் இது. குட்டையும் நெட்டையுமாக நிற்கும் பனை வரிசை அந்த நினைவைக் கிளறலாம். விட்டுவிட்டோம்.

நிறத்திலும் அதே கவனம் வேண்டும். பின்புலம் முழுவதும் மஞ்சள், உருவமும் எழுத்தும் கடும் நீலம். காலபோகத்தில் சுற்றிலும் பச்சை, கோடையில் காய்ந்த பழுப்பு. இரண்டிலும் மஞ்சள் எடுப்பாக நிற்கும். வானத்துக்குள் நீளும் தலைக்கு நீலம் வேண்டும், வெளிறிய நிறம் என்றால் நண்பகல் வெளிச்சத்தில் கரைந்துவிடும். கறுப்பும் தூரத்தில் நன்றாகத் தெரியும்தான். ஆனால் வீதியோரத்தில் கறுப்பு ஆளுருவம் சுடும் பயிற்சிப் பலகை போலிருக்கும். சின்னத்தைச் சிவப்பில் போடவும் கூடாது. மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தால் இங்கே வேறொன்றை நினைவூட்டும், அந்த வில்லங்கம் ஒரு தொலைபேசி விளம்பரத்துக்குத் தேவையில்லை.

எழுத்தின் உயரம் 4 அடி. மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியில் 19 மீற்றர் கடக்கும். வாசிக்க 6 விநாடி கொடுக்க வேண்டுமானால் ஏறத்தாழ 115 மீற்றர் தூரத்திலேயே எழுத்து பிடிபட வேண்டும். தமிழில் இன்னொரு சிக்கல்: தூரத்தில் முதலில் காணாமற்போவது புள்ளி. "ங்", "ம்" இரண்டின் புள்ளிகளையும் வழமையைவிடப் பெரிதாக, எழுத்திலிருந்து சற்று விலக்கி வரையவும். கணினியில் வரும் எழுத்துருவை அப்படியே ஊதிப் பெருப்பிக்க வேண்டாம். இரட்டைச் சுழிக் கொம்பின் உட்புறமும் அடைபடாமல் திறந்திருக்கட்டும்.

தெற்கிலிருந்து வரும் சிங்களப் பயணிகளுக்கு உருவமே போதும். மூன்று மொழியில் எழுதினால் மூன்றும் சின்னதாகிவிடும்.

முறிகண்டியைத் தேர்ந்ததற்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும். வாகனங்கள் அங்கே நிற்கும், தேங்காய் உடைப்பார்கள், கச்சான் வாங்குவார்கள், பஸ்ஸில் ஏறுமுன் ஒருமுறை வீட்டுக்கு அழைப்பார்கள். பலகையைக் கோயிலருகே வைக்கக் கூடாது. கோயிலைப் படமெடுப்பவரின் பின்னணியில் விளம்பரம் விழுந்தால் மரியாதை இல்லை. அரைக் கிலோமீற்றர் முன்னால் வைத்தால், சாரதி வேகத்தைக் குறைக்கத் தொடங்கும் இடத்தில் கண்ணில் படும்.

தகடும் கம்பியும் பற்றி: மேலே நீளும் தலையும் முழங்கையும் பிளெக்ஸ் துணியில் வேண்டாம். சோளகம் கிழித்துவிடும். அலுமினியத் தகட்டில் வெட்டிப் பின்னால் இரும்புச் சட்டம் கொடுக்கவும். துணி மங்கல் பூச்சாக இருக்கட்டும், மினுங்கினால் வெயிலில் பாதி எழுத்து போய்விடும். இரவுக்குக் கீழிருந்து இரண்டு விளக்குகள், ஒளி சாரதியின் கண்ணில் படாதவாறு. வீதி அபிவிருத்தி அதிகாரசபையிடமும் உரிய பிரதேச சபையிடமும் அனுமதி பெற்ற பிறகே குழி வெட்ட வேண்டும்.

ஒரு நிபந்தனை எங்களுடையது. பலகை ஏறுமுன் உங்கள் பொறியியலாளர்கள் அதன் அடியிலிருந்தும், வீதியிலிருந்து உள்ளே ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கங்களிலும் அழைத்துப் பார்க்க வேண்டும். கவரேஜ் இல்லாத இடத்தில் "இங்கேயே பேசலாம்" என்று எழுதி வைத்தால், அதன் கீழே நின்று கோடில்லாத தொலைபேசியைக் காட்டும் படம் அன்றைக்கே முகநூலில் வரும். சோதனை முடியாத ஊர்களில் இந்தப் பலகையை வைக்க நாங்கள் வரைபடம் தரமாட்டோம்.