அம்மாவுக்கான மின்னதிர்வு சிகிச்சை: குடும்பத்தினருக்கு ஒரு விளக்கம்

அன்புள்ள குடும்பத்தினருக்கு,

வணக்கம். நேற்று இ.சி.டி. எனப்படும் மின்னதிர்வு சிகிச்சை பற்றிப் பேச்செடுத்ததும் உங்கள் முகங்கள் மாறியதைக் கவனித்தேன். "ஷாக் வைக்கும் அளவுக்கு அம்மாவுக்கு முற்றிவிட்டதா?" என்று மகள் கேட்டார். வீட்டில் எல்லோரும் சேர்ந்து நிதானமாகப் படிப்பதற்காக, பதிலை எழுதியே தருகிறேன்.

அம்மாவுக்கு வந்திருப்பது கடுமையான மனச்சோர்வு. தன் பாவத்தால் குடும்பமே அழிகிறது என்ற எண்ணம் அவரை விடாமல் பிடித்திருக்கிறது. இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் பலனில்லை. ஐந்து நாட்களாக உணவை ஒதுக்குகிறார். தண்ணீரும் சில மிடறுகள்தான். இன்னொரு மருந்தை மாற்றினால் அது வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை அவர் உடல் தாங்குமா என்பதே என் கவலை. இப்படிப்பட்ட நிலையில்தான் இ.சி.டி. முன்னால் வருகிறது. தற்கொலை எண்ணம் தீவிரமாக இருக்கும்போதும், பேச்சும் அசைவும் உறைந்துபோகும் கேட்டடோனியாவிலும், மருந்துக்கு அடங்காத மனவெழுச்சி நோயிலும் இதைப் பயன்படுத்துகிறோம். முதியவர்களுக்கும் கருவுற்ற பெண்களுக்கும்கூட உரிய கவனத்தோடு கொடுக்கலாம்.

சிகிச்சை நாளில் காலையில் வெறும் வயிறாக இருக்க வேண்டும். கட்டுப்பல் இருந்தால் கழற்றிவிட வேண்டும். மயக்க மருத்துவர் ஊசி போட்டு அம்மாவைத் தூங்க வைப்பார். பிறகு தசைகளைத் தளர்த்தும் மருந்து. முகமூடி வழியாக ஆக்சிஜன் போகும். தலையில் வைக்கும் தகடுகள் வழியாகச் சில நொடிகள் அளந்த மின்சாரம் செலுத்துவோம். அது மூளைக்குள் ஒரு வலிப்பைத் தூண்டும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். தசைகள் தளர்ந்திருப்பதால் உடல் துள்ளாது, கால்விரல்கள் லேசாக அசையலாம். அம்மாவுக்கு வலி தெரியாது. சில நிமிடங்களில் கண் விழிப்பார். வாரத்துக்கு இரண்டு முறை, மொத்தம் ஆறு முதல் பன்னிரண்டு முறை தேவைப்படலாம். ஒவ்வொரு முறைக்குப் பிறகும் முன்னேற்றத்தைப் பார்த்துத்தான் அடுத்ததைத் தீர்மானிப்போம்.

கட்டிலில் கட்டிவைத்துத் துடிக்கத் துடிக்க மின்சாரம் பாய்ச்சும் சினிமாக் காட்சி உங்கள் மனதில் இருக்கும். 1938இல் ரோம் நகரில் இந்தச் சிகிச்சை தொடங்கியபோது மயக்க மருந்து தரப்படவில்லை. எலும்பு முறிந்தவர்களும் உண்டு. அந்த வரலாற்றை நான் மறைக்கப்போவதில்லை. இன்றைய முறை அதுவல்ல. மூளை கருகும், புத்தி மழுங்கும், ஒருமுறை வைத்தால் காலமெல்லாம் வைக்க வேண்டும் என்பவையும் உண்மையல்ல. இது தண்டனையும் அல்ல. யாரையும் அடக்கிவைக்க நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் ஞாபகம் பற்றிய பயம் வெறும் கட்டுக்கதையல்ல. விழித்ததும் சற்று நேரம் குழப்பம் இருக்கும். நாளையும் இடத்தையும் அம்மா மாற்றிச் சொல்லலாம். புதிதாகக் கேட்டவை மனதில் தங்காத நிலை பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும். சிகிச்சை நடந்த வாரங்களும் அதற்கு முந்தைய சில மாதங்களும் சிலருக்கு மங்கலாகின்றன; அவற்றில் சில நினைவுகள் திரும்பாமலே போகலாம். சிலரை இது வெகுவாக வருத்துகிறது. இந்தப் பாதிப்பைக் குறைக்க, தலையின் ஒரு பக்கம் மட்டும் மின்சாரம் செலுத்தும் முறையில் தொடங்க எண்ணியிருக்கிறேன். தலைவலி, தாடை வலி, குமட்டல் வரலாம். அவற்றுக்கு மருந்து உண்டு. மயக்க மருந்துக்குரிய ஆபத்தும் உண்டு, உயிருக்கு ஆபத்து வருவது மிக அரிது. முன்னதாக இதயப் பரிசோதனை செய்துவிடுவோம்.

இனி சம்மதம். முடிவு முதலில் அம்மாவுடையது. அவர் குறைவாகப் பேசினாலும் கேட்பது புரிகிறது என்றே நினைக்கிறேன். என்ன செய்யப்போகிறோம், என்ன கெடுதல் வரலாம், வேறு என்ன வழி உண்டு என்பதை அவரிடம் எளிமையாகச் சொல்லி, விளங்கியதா என்று பார்ப்பேன். விளங்கிக்கொண்டு வேண்டாம் என்றால் செய்ய மாட்டேன். வேறு வழியைத் தேடுவோம். கையெழுத்திட்ட பிறகும், நான்கு முறை முடிந்த பிறகும்கூட, அவர் நிறுத்தச் சொல்லலாம். முடிவெடுக்கும் திறன் இப்போது அவருக்கு இல்லை என்று தெரிந்தால், சட்டம் சொல்லும் வழியில் இன்னொரு மனநல மருத்துவரின் கருத்தைப் பெற்று, அவர் சார்பாகப் பேச உரிமையுள்ளவரை அழைப்போம். அப்போதும் கேள்வி "நமக்கு எது வசதி?" என்பதாக இருக்கக் கூடாது, "நலமாக இருந்தபோது அம்மா எதை விரும்பியிருப்பார்?" என்பதாக இருக்க வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர்கள் நீங்கள்தான். தயவுசெய்து அவரிடம் பொய் சொல்லி அழைத்து வராதீர்கள். "சும்மா ஸ்கேன்தான்" என்று ஒருமுறை சொன்னால், பிறகு அவர் நம்மில் யாரையும் நம்ப மாட்டார்.

குணமானதும் எல்லாவற்றையும் நிறுத்திவிட முடியாது. மருந்தைத் தொடராவிட்டால் சில மாதங்களுக்குள் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அம்மாவுடன் சேர்ந்து பேசலாம். மகனும் மகளும் இருவருமே வாருங்கள். அவர் இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, கையோடு கொண்டு வாருங்கள். சில மருந்துகளை முன்கூட்டியே மாற்ற வேண்டியிருக்கும். கேள்விகளை எழுதி வையுங்கள். அதற்குள் அம்மா தண்ணீரையும் மறுத்தால் வியாழன் வரை காத்திருக்காமல் உடனே வார்டு செவிலியரிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
அம்மாவின் மனநல மருத்துவர்