ராயல்டி கணக்குகள்: குத்தகைதாரர் ஏடுகளுக்கான பயிற்சித் தாள்

பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு, கடலூர் மஞ்சக்குப்பம் மாலை வகுப்பு

சென்ற சனிக்கிழமைத் தேர்வில் ராயல்டி, குறைந்தபட்ச வாடகை இரண்டையும் எல்லோரும் சரியாகக் கண்டுபிடித்திருந்தீர்கள். ஏழு பேருடைய தாளில் மட்டும் கணக்கு ஒரே இடத்தில் சறுக்கியிருந்தது. மீட்கும் கெடு முடிந்த பிறகும் குறைவேலைத் தொகையை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் சென்றிருந்தார்கள். அந்த வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் தந்திருக்கிறேன். இந்தத் தாள் முழுக்க அந்த ஒரு வரிக்காகத்தான்.

ஒரு வார்த்தை முதலில். நீங்கள் ‘ஷார்ட் ஒர்க்கிங்ஸ்’ என்று சொல்லிப் பழகிய குறைவேலைத் தொகை, ராயல்டியைவிடக் கூடுதலாக நாம் கொடுத்த பணம். அதைத் திரும்பப் பிடித்துக்கொள்ள ஒப்பந்தம் ஒரு கெடு தருகிறது. கெடு இருக்கும்வரை அது சொத்து, இருப்புநிலைக் குறிப்பில் நடப்புச் சொத்துகளில் உட்காரும். கெடு முடிந்த நாளில் மிச்சம் இருப்பது நட்டம். ஆகவே டன்னைப் பெருக்கத் தொடங்கும் முன் மீட்பைப் பற்றிய வாக்கியத்தின் கீழ் கோடு போடுங்கள்.

கணக்கு 1

விருத்தாசலத்தில் பீங்கான் பொருள் செய்யும் தொழிற்கூடம் ஒன்று, களிமண் எடுக்க ஒரு நிலத்தை 1-4-2020 முதல் குத்தகைக்கு எடுத்தது. எடுக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் ராயல்டி ரூ.40. குறைந்தபட்ச வாடகை ஆண்டுக்கு ரூ.2,00,000. குறைவேலைத் தொகையைக் குத்தகையின் முதல் நான்கு ஆண்டுகளுக்குள் மீட்டுக்கொள்ளலாம். மார்ச் 31-இல் முடியும் ஐந்து ஆண்டுகளில் எடுத்த மண்: 2,000, 4,200, 6,500, 7,000, 7,500 டன். ஒவ்வொரு ஆண்டும் கணக்கு முடிக்கும் நாளில் பணம் செலுத்தப்பட்டது. குத்தகைதாரர் ஏடுகளில் பகுப்பாய்வு அட்டவணையும், முதல், நான்காம் ஆண்டுகளின் குறிப்பேட்டுப் பதிவுகளும் தருக.

விடை (ரூபாயில்):

| ஆண்டு | ராயல்டி | குறைவேலை | மீட்பு | போக்கெழுதியது | குறைவேலை இருப்பு | செலுத்தியது |
|---|---|---|---|---|---|---|
| 2020-21 | 80,000 | 1,20,000 | – | – | 1,20,000 | 2,00,000 |
| 2021-22 | 1,68,000 | 32,000 | – | – | 1,52,000 | 2,00,000 |
| 2022-23 | 2,60,000 | – | 60,000 | – | 92,000 | 2,00,000 |
| 2023-24 | 2,80,000 | – | 80,000 | 12,000 | – | 2,00,000 |
| 2024-25 | 3,00,000 | – | – | – | – | 3,00,000 |

முதல் ஆண்டுப் பதிவுகள்:

ராயல்டி க/கு பற்று 80,000
குறைவேலை க/கு பற்று 1,20,000
நில உரிமையாளர் க/கு வரவு 2,00,000

நில உரிமையாளர் க/கு பற்று 2,00,000
வங்கி க/கு வரவு 2,00,000

உற்பத்திக் க/கு பற்று 80,000
ராயல்டி க/கு வரவு 80,000

மூன்றாவது பதிவில் 2,00,000 எழுதிவிடாதீர்கள். அந்த ஆண்டின் செலவு, எடுத்த மண்ணுக்கு உரிய 80,000 மட்டுமே.

நான்காம் ஆண்டில்:

ராயல்டி க/கு பற்று 2,80,000
நில உரிமையாளர் க/கு வரவு 2,80,000

நில உரிமையாளர் க/கு பற்று 2,80,000
குறைவேலை க/கு வரவு 80,000
வங்கி க/கு வரவு 2,00,000

உற்பத்திக் க/கு பற்று 2,80,000
ராயல்டி க/கு வரவு 2,80,000

இலாப நட்டக் க/கு பற்று 12,000
குறைவேலை க/கு வரவு 12,000

ஐந்தாம் ஆண்டில் ராயல்டி குறைந்தபட்ச வாடகையைவிட ஒரு இலட்சம் அதிகம். அதைப் பார்த்ததும் 12,000-ஐப் பிடித்துக்கொள்ளக் கை போகும். போகக் கூடாது. 31-3-2024 அன்றே அந்த உரிமை முடிந்துவிட்டது.

விடையைச் சரிபார்க்க ஒரு வழி: ஐந்து ஆண்டுகளில் செலுத்தியது 11,00,000. ராயல்டி மொத்தம் 10,88,000. வித்தியாசமான 12,000, போக்கெழுதிய தொகையோடு ஒத்துப்போக வேண்டும். தேர்வு அறையில் இதற்கு அரை நிமிடம் போதும்.

கணக்கு 2

எண்கள் எல்லாம் கணக்கு 1-இல் உள்ளவையே. ஒரு வாக்கியம் மட்டும் மாறுகிறது: ஓர் ஆண்டின் குறைவேலைத் தொகையை அதை அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் மீட்டுக்கொள்ளலாம். அட்டவணை தருக.

விடை: இப்போது ஒவ்வொரு ஆண்டின் குறைவேலைக்கும் தனிக் கெடு. அவற்றை ஒரே குவியலாகக் கூட்டிவிட்டால் கணக்கு தப்பிப்போகும். முதல் ஆண்டின் 1,20,000-க்கு 2022-23 வரை நேரம். அந்த ஆண்டில் உபரி 60,000 மட்டுமே இருப்பதால் அதை மீட்டு, மீதி 60,000-ஐ 31-3-2023 அன்று இலாப நட்டக் கணக்குக்கு மாற்ற வேண்டும். பழையதை முதலில் மீட்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். இரண்டாம் ஆண்டின் 32,000-க்கு 2023-24 வரை நேரம் இருக்கிறது. அந்த ஆண்டின் உபரி 80,000. மீட்க 32,000 மட்டுமே உள்ளது. எனவே 2023-24-இல் செலுத்துவது 2,48,000.

மொத்தம் செலுத்தியது 11,48,000. போக்கெழுதியது 60,000. அதே நிலம், அதே மண், அதே விலை. ஒரு வாக்கியம் மாறியதற்குத் தொழிற்கூடம் கூடுதலாகக் கொடுத்தது 48,000 ரூபாய்.

கணக்கு 3

30-11-2024 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததும், தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். பண்ருட்டி அருகே செங்கல் சூளைக்காரர் ஒருவர் குத்தகைக்கு எடுத்திருந்த மண் குழியில் வெள்ளம் நிறைந்து, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மூன்று மாதம் வேலை நின்றது. ராயல்டி டன்னுக்கு ரூ.30. குறைந்தபட்ச வாடகை ஆண்டுக்கு ரூ.2,40,000. வேலைநிறுத்தத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ வேலை நின்றால் அந்தக் காலத்துக்கு ஏற்ற விகிதத்தில் குறைந்தபட்ச வாடகை குறையும். 1-4-2024 அன்று மீட்கத்தக்க குறைவேலை இருப்பு ரூ.50,000. மீட்கும் உரிமை 31-3-2026 வரை. எடுத்த மண்: 2024-25-இல் 5,000 டன், 2025-26-இல் 9,500 டன். இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவேலைக் கணக்கு தயாரிக்க.

விடை: 2024-25-இன் குறைந்தபட்ச வாடகை ஒன்பது மாதத்துக்கு மட்டும், அதாவது 1,80,000. ராயல்டி 1,50,000. குறைவேலை 30,000. இதை 90,000 என்று எழுதுவோர், வெள்ளத்தில் மூழ்கிய மூன்று மாதத்துக்கும் அந்தச் சூளைக்காரரிடம் வாடகை வாங்குகிறார்கள்.

| குறைவேலைக் கணக்கு | 2024-25 | 2025-26 |
|---|---|---|
| தொடக்க இருப்பு | 50,000 | 80,000 |
| கூட்டுக: இவ்வாண்டுக் குறைவேலை | 30,000 | – |
| கழிக்க: மீட்பு | – | 45,000 |
| கழிக்க: இலாப நட்டக் க/கு | – | 35,000 |
| இறுதி இருப்பு | 80,000 | – |

2025-26-இல் ராயல்டி 2,85,000. முழு வாடகை 2,40,000 திரும்பிவிடுவதால் உபரி 45,000.

கணக்கு 4 (நீங்களே செய்ய வேண்டியது)

புதுச்சேரிப் பதிப்பகம் ஒன்று பாடநூல் ஒன்றுக்கு, விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ரூ.20 ராயல்டி தர ஒப்புக்கொண்டது. ஆண்டுக்குக் குறைந்தபட்சத் தொகை ரூ.60,000. குறைவேலையை அடுத்த ஓர் ஆண்டுக்குள் மட்டுமே மீட்கலாம். 2023-இல் அச்சிட்டது 3,000, விற்றது 2,200 பிரதி. 2024-இல் அச்சிட்டது 4,000, விற்றது 3,400. 2025-இல் அச்சிட்டது 3,500, விற்றது 4,000. பதிப்பகத்தின் ஏடுகளில் ராயல்டி, குறைவேலை, நூலாசிரியர் கணக்குகளைத் தயாரிக்க.

ராயல்டி எதன்மேல் கணக்கிடப்படுகிறது என்று பார்த்துத் தொடங்குங்கள். இங்கே அது விற்பனையோடு கட்டப்பட்டிருப்பதால் ராயல்டி இலாப நட்டக் கணக்குக்குப் போகும், உற்பத்திக் கணக்குக்கு அல்ல. நூலாசிரியருக்குச் செலுத்தியது 60,000, 60,000, 80,000 என்றும், 2024-இல் போக்கெழுதியது 8,000 என்றும் வந்தால் சரி. வராவிட்டால் அழிக்காமல் அப்படியே வியாழக்கிழமை மாலை கொண்டுவாருங்கள். எந்த வரியில் தப்பியது என்று சேர்ந்து பார்ப்போம்.